விடுப்புக் கடிதத்தில் பணிவு

நம் ஆலயத்தில் அர்ச்சனைச் சீட்டு கொடுக்கும் முகப்பில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், செயலாளருக்கு எழுதிய கடிதத்தைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொடுத்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"ஐயா, என் தங்கச்சிக்கு இரண்டு வாரத்தில் கல்யாணம். 3 நாள் வேலைக்கு வரமாட்டேன். கண்டிப்பாக லீவு கொடுக்கவும்."

எழுதியவர் நல்ல பிள்ளை. ஆனால் கடிதம் அவரை அப்படிக் காட்டவில்லை. "வரமாட்டேன்" என்பது முடிவை அறிவிப்பது. "கொடுக்கவும்" என்பது மேலிடம் கீழிடத்துக்கு அனுப்பும் ஆணையின் நடை. "தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்றால் அது வேண்டுகோளாகிவிடும். "கண்டிப்பாக" என்ற சொல்லுக்கு இங்கே இடமே இல்லை.

இதைச் சொன்னதும் அவர், "தங்கள் பொற்பாதம் பணிந்து, ஏழையின்மேல் கருணை கூர்ந்து" என்று மாற்றி எழுதி வந்தார். அதையும் அடித்துவிட்டேன். கருணையை ஆண்டவன் சந்நிதியில் கேட்கலாம். ஆண்டு விடுப்போ சட்டம் தந்த உரிமை. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, 2 ஆண்டுக்குக் குறைவாகப் பணிபுரிந்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் 12 நாள், அதற்கு மேல் 16 நாள் குறைந்தபட்ச விடுப்பு உண்டு. இவர் சேர்ந்து 4 ஆண்டாகிறது. 12 நாளில் 3 நாளைத்தான் கேட்கிறார். எந்த நாளில் எடுப்பது என்பதற்கே நிர்வாகத்தின் இசைவு வேண்டும்.

அப்படியானால் பணிவு எங்கே இருக்கிறது? செயலாளர் மனத்தில் எழும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் சொல்வதில் இருக்கிறது. எந்தத் தேதி? எப்போது திரும்புவார்? முகப்பில் யார் இருப்பார்? "இரண்டு வாரத்தில்" என்று எழுதிய கடிதம் மேசையில் நான்கு நாள் கிடந்தால், அது எந்த வாரம் என்றே தெரியாது. சீட்டுப் புத்தகமும் பணப்பெட்டிச் சாவியும் யாரிடம் என்பது முடிவாகாவிட்டால், மாலைப் பூசைக்கு வரும் பக்தர்கள் பூட்டிய முகப்பின் முன் நிற்க நேரும்.

திருத்திய கடிதம் இது:

"20 ஆகஸ்ட்
மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,
வணக்கம்.
பொருள்: தங்கையின் திருமணத்திற்காக 3 நாள் விடுப்பு
என் தங்கையின் திருமணம் செப்டம்பர் 4-ஆம் தேதி ஈப்போவில் நடைபெறவுள்ளது. அதன் பொருட்டு செப்டம்பர் 3 முதல் 5 வரை ஆண்டு விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 6-ஆம் தேதி காலை பணிக்குத் திரும்புவேன். அந்நாள்களில் முகப்பைக் கவனிக்க அலுவலக உதவியாளர் இசைந்துள்ளார். 2-ஆம் தேதி மாலை கணக்கை முடித்து, சாவியை அவரிடம் ஒப்படைப்பேன். தங்கள் இசைவை எதிர்பார்க்கிறேன்.
நன்றி.
இப்படிக்கு, (கையொப்பம்)"

இசைவு எழுத்தில் கிடைக்கும்வரை விடுப்பு உறுதியில்லை என்றும் அவரிடம் சொன்னேன். அதனால்தான் இரண்டு வாரம் முன்னதாகவே தேதியிட்டுக் கொடுக்கச் செய்தேன். செயலாளர் அன்று மாலையே ஒப்பமிட்டார்.