பாராட்டிலிருந்து சான்றுக்கு

சிங்கப்பூரில் 2002ஆம் ஆண்டு முதல் நல்லாசிரியர் விருது வழங்கப்பட்டு வருகிறது. தமிழ் முரசு நாளிதழும் சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கமும் தமிழ்மொழி கற்றல் வளர்ச்சிக் குழுவும் இணைந்து இதை நடத்துகின்றன. தங்களுக்குப் பிடித்த தமிழாசிரியரை மாணவர்களே இவ்விருதுக்குப் பரிந்துரைக்கலாம். அவ்வாறு பரிந்துரைக்க விரும்பிய உயர்நிலை மூன்று மாணவி ஒருத்தி எழுதியதாக அமைந்த மாதிரிக் கடிதம் ஒன்றை இப்பாடத்தில் காண்போம். முதலில் அவள் எழுதியதைப் படியுங்கள்.

“எங்கள் தமிழாசிரியை மிகச் சிறந்த ஆசிரியை. அவர் அன்பும் பொறுமையும் நிறைந்தவர். மாணவர்களின் முன்னேற்றத்துக்காக இரவு பகல் பாராது உழைப்பவர். இருளில் தவிக்கும் மாணவர்களுக்கு அவர் ஒரு கலங்கரை விளக்கம். அவரது பாடம் மிகவும் சுவையாக இருக்கும். அவரால் பல மாணவர்கள் தமிழில் ஆர்வம் கொண்டுள்ளனர். ஆகவே, இவ்விருதுக்கு அவர் எல்லா வகையிலும் தகுதியானவர்.”

இக்கடிதத்தில் பிழையில்லை. சொற்களும் நன்றாகவே உள்ளன. ஆசிரியர் தினத்தன்று வாழ்த்து அட்டையில் இதை எழுதிக் கொடுத்திருந்தால் அந்த ஆசிரியை மகிழ்ந்திருப்பார். ஏனெனில் வாழ்த்து அட்டையைப் படிப்பவர் அதில் பாராட்டப்படுபவரே. ‘பொறுமை நிறைந்தவர்’ என்று படித்தவுடன், தாம் பொறுமை காத்த பத்து நாள்களாவது அவர் நினைவுக்கு வரும். பரிந்துரைக் கடிதத்தைப் படிப்பவரோ நடுவர். அவர் அந்த ஆசிரியையின் வகுப்பில் ஒரு நாளும் அமர்ந்ததில்லை. ‘பொறுமை’ என்ற சொல்லுக்குப் பின்னால் அவர் பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

மாணவி தன் கடிதத்தைத் தொடக்கக்கல்லூரியில் படிக்கும் அக்காவிடம் காட்டினாள். அக்கா அதை ஒருமுறை படித்துவிட்டு, “இதில் ‘தமிழாசிரியை’ என்பதை எடுத்துவிட்டுக் ‘கணித ஆசிரியை’ என்று போட்டுப் பார். ‘தமிழில் ஆர்வம்’ என்பதைக் ‘கணிதத்தில் ஆர்வம்’ என்று மாற்று. கடிதம் அப்போதும் சரியாகத்தானே இருக்கிறது?” என்று கேட்டாள்.

மாணவி மாற்றிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. உடற்பயிற்சி ஆசிரியருக்கும்கூடப் பொருந்தியது.

பரிந்துரைக் கடிதத்தைச் சோதிப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. கடிதத்தில் வேறொருவரை வைத்துப் பாருங்கள். அப்போதும் ஒரு வாக்கியம் மெய்யாகத் தோன்றினால், அது யாரைப் பற்றியும் எதையும் சொல்லவில்லை என்று பொருள். முதற்கடிதத்தின் ஏழு வாக்கியங்களில் ஒன்றுகூட இச்சோதனையில் தேறவில்லை.

அக்கா அடுத்து, “இரவு பகல் பாராது உழைக்கிறார் என்று எழுதியிருக்கிறாயே, அவர் என்ன செய்ததைப் பார்த்து அப்படி எழுதினாய்?” என்று கேட்டாள். மாணவி சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: “போன வருடம் நாங்கள் வாரத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் தமிழில் பேசிக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்ப வேண்டும், அக்கா. டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தன் குரலிலேயே பதில் அனுப்புவார்.”

“இது கடிதத்தில் எங்கே?”

கடிதத்தில் அது இல்லை. பலருடைய கடிதங்களில் இப்படித்தான் நேர்கிறது. சொல்ல வேண்டிய செய்தி எழுதுபவரின் மனத்தில் இருக்கும். தாளில் அதன் முடிவு மட்டும் பெயரடையாக வந்து நிற்கும். ஆகவே, திருத்தும்போது ஒவ்வொரு பெயரடையின் எதிரிலும் ‘எதைப் பார்த்து இப்படி எழுதினேன்?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விடை கிடைத்தால் அந்த விடையை எழுதிவிட்டுப் பெயரடையை நீக்கிவிடலாம். விடை கிடைக்காவிட்டால், கேட்டுப் பழகிய சொல்லைத்தான் எழுதியிருக்கிறோம். ‘கலங்கரை விளக்கம்’ அத்தகையது. மாணவி அதை அப்போதே அடித்துவிட்டாள்.

இனி, எண்களைப் பற்றிப் பார்ப்போம். மாணவியின் வகுப்பில் 18 பேர். ஒரு பள்ளித் தவணைக்கு ஏறக்குறைய 10 வாரங்கள். மூன்று தவணைகளுக்கு 30 வாரங்கள். எனவே, ‘ஆசிரியை 540 பதிவுகளைக் கேட்டுப் பதில் அனுப்பினார்’ என்று அவள் எழுதினாள். எண் பெரியது, பார்ப்பதற்கும் நன்றாக இருந்தது. ஆனால் அது எண்ணிப் பார்த்த எண் அன்று, பெருக்கிப் பார்த்த எண். எல்லாரும் எல்லா வாரமும் பதிவு அனுப்பினார்களா? அவளே மூன்று வாரம் அனுப்பவில்லை. நடுவர் ஒருவேளை ஆசிரியையிடம் இதைப் பற்றி விசாரித்து, அவர் “அவ்வளவு வராதே!” என்று சொல்லிவிட்டால், கடிதத்தின் மற்றச் செய்திகளையும் நடுவர் ஐயத்தோடுதான் பார்ப்பார்.

அவள் வேறு வழியைக் கண்டாள். தன் கைப்பேசியில் இருந்தவற்றை எண்ணினாள். 27 பதிவுகள், 27 பதில்கள். பிறகு வகுப்புத் தோழர்களிடம் எண்ணச் சொன்னாள். பதினொரு பேர் எண்ணிச் சொன்னார்கள். மற்றவர்கள் பழைய செய்திகளை அழித்துவிட்டிருந்தார்கள். அவளையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரின் பதிவுகள் 308. அவற்றுள் ஒன்பதுக்கு மட்டும் பதில் இல்லை. இந்த எண் 540ஐவிடச் சிறியது. ஆயினும், யார் எண்ணியது, எப்படி எண்ணியது என்பது தெரிவதால் அது வலுவானது. அந்த ஒன்பதை மறைக்காமல் எழுதியதும் நல்லதே. குறையே இல்லாத கணக்கைவிடக் குறையைச் சொல்லும் கணக்கை நாம் எளிதில் நம்புகிறோம்.

ஆனால், ஆசிரியை எவ்வளவு உழைத்தார் என்பதை மட்டுமே இந்த எண் காட்டுகிறது. அந்த உழைப்பால் என்ன மாறியது என்பதைக் காட்டவில்லை. ஒருவர் முந்நூறு பதிவுகளுக்குப் பதில் அனுப்பியும் மாணவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கக்கூடும். பரிந்துரைக் கடிதங்கள் பலவும் உழைப்பைச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. தாக்கத்தைக் காட்ட ‘முன்’, ‘பின்’ என்ற இரண்டு நிலைகள் வேண்டும். நடுவில் பாராட்டப்படுபவர் செய்த செயல் இருக்க வேண்டும்.

மாணவிக்கு இரண்டு நிலைகளும் கைப்பேசியிலேயே கிடைத்தன. ஜனவரியில் அனுப்பிய முதல் பதிவையும் செப்டம்பரில் அனுப்பிய கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டாள். முதல் பதிவில், பாட்டியோடு ஈரச்சந்தைக்குப் போனதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தாள். பதினான்காம் விநாடியில் ஒரு சொல் கிடைக்காமல் நின்றாள். ‘பிரிஞ்சால்’ என்று சொல்லிவிட்டு, எஞ்சிய நேரம் முழுவதும் ஆங்கிலத்திலேயே பேசி முடித்திருந்தாள். ஆசிரியை அனுப்பிய பதிலும் அங்கேயே இருந்தது. ‘நீ தேடிய சொல் கத்தரிக்காய். அதைப் பாட்டி எப்படிச் சமைப்பார் என்று கேட்டு, அடுத்த வாரம் எனக்குச் சொல்’ என்பதுதான் அந்தப் பதில். பதினான்கு விநாடிகளில் வேறு பிழைகளும் இருந்தன. ஆசிரியை அவற்றைத் தொடவில்லை.

அதன்பின் அவள் எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இது:

“சென்ற ஆண்டு ஜனவரியில் ஒரு நிமிடப் பதிவில் என்னால் 14 விநாடிகள் மட்டுமே தமிழில் பேச முடிந்தது. ‘கத்தரிக்காய்’ என்ற சொல் தெரியாமல் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டேன். என் ஆசிரியை அந்த ஒரு சொல்லை மட்டும் தந்து, அதைச் சமைக்கும் முறையைப் பாட்டியிடம் கேட்டு வரச் சொன்னார். அதற்கு முன் நான் பாட்டியிடம் ஆங்கிலத்தில் பேசுவேன். அம்மாதான் அதைத் தமிழில் எடுத்துச் சொல்வார். அந்த வாரம் அம்மா வேலைக்குச் சென்றிருந்தபோது, பாட்டியிடம் நானே தமிழில் கேட்டேன். கத்தரிக்காயை வதக்கிக் குழம்பு வைப்பதாகப் பாட்டி சொன்னார். இப்படி ஒவ்வொரு வாரமும் ஆசிரியை ஒரு சொல்லைத் தந்து ஒரு கேள்வியும் கேட்பார். செப்டம்பரில் நான் அனுப்பிய பதிவில் ஒரு நிமிடமும் தமிழ்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டியைத் தொலைபேசியில் நானே அழைத்துப் பேசுகிறேன்.”

இதில் ‘அன்பு’, ‘பொறுமை’, ‘அர்ப்பணிப்பு’ ஆகிய சொற்களில் ஒன்றுகூட இல்லை. இங்கே கணித ஆசிரியையை வைத்துப் பாருங்கள், பொருந்தாது. வேறொரு தமிழாசிரியையும் பொருந்தமாட்டார்.

இன்னொரு வாக்கியத்தைப் பற்றி அக்காவுக்கும் தங்கைக்கும் இடையே சிறு வாக்குவாதம் எழுந்தது. வகுப்பில் பலரின் வாய்மொழித் தேர்வு மதிப்பெண் உயர்ந்திருந்தது. ‘ஆசிரியையின் பதிவுத் திட்டத்தால் வகுப்பின் மதிப்பெண் உயர்ந்தது’ என்று மாணவி எழுதியிருந்தாள். “உன் வகுப்பில் எத்தனை பேர் துணைப்பாட வகுப்புக்குப் போகிறார்கள்?” என்று அக்கா கேட்டாள். ஏழு பேர் போகிறார்கள். அவர்களுடைய உயர்வில் எவ்வளவு இந்தத் திட்டத்தால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எனவே மாணவி அந்த வாக்கியத்தை, ‘மதிப்பெண் உயர்ந்த நான்கு தோழர்களிடம் கேட்டேன். மூவர், ஒளிக்காட்சியைப் பற்றி உரையாடும்போது தயங்காமல் தொடங்க முடிந்ததற்கு இந்தப் பதிவுகளே காரணம் என்றார்கள்’ என்று மாற்றினாள். சொல்லும் செய்தி சுருங்கியது. ஆனால் அதை யாரும் மறுக்க முடியாது. குறைந்த மதிப்பெண் பெற்றிருந்த ஒரு தோழனின் பெயரையும் நீக்கினாள். அவன் முன்னேறியது உண்மைதான். என்றாலும், முன்பு அவன் எந்த நிலையில் இருந்தான் என்பதை அவனைக் கேட்காமல் வெளியாருக்குச் சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை.

பாராட்டை முற்றிலும் விலக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே என் கருத்து. சான்றுகள் முடிந்தபின் வரும் ஒரு பாராட்டு வாக்கியத்தை நடுவர் ஏற்றுக்கொள்வார். அதற்கான காரணத்தை அவர் ஏற்கெனவே படித்துவிட்டார். மாணவி தன் முதற்கடிதத்திலிருந்து ‘இவ்விருதுக்கு அவர் தகுதியானவர்’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டாள். ‘எல்லா வகையிலும்’ என்பதை எடுத்துவிட்டாள்.

கடிதத்தை அனுப்புவதற்கு முன், தன்னைப் பற்றி எழுதியிருந்த பகுதியைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினாள். பாட்டி முழுவதையும் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிம்மா. ஆனா நான் வதக்கிக் குழம்பு வைக்கிறதா எங்கே சொன்னேன்? நெருப்புல சுட்டு, தோலை உரிச்சுப் பிசையணும்னு சொன்னேன்” என்றார். மாணவி இரண்டாம் வாரப் பதிவைத் தேடிக் கேட்டாள். அதில் ‘சுட்டு’ என்றுதான் இருந்தது. அந்த வாக்கியத்தையும் திருத்தினாள்.