நாற்பது வீடுகளில் ஒரு வினா

கபிலை ஆற்றங்கரையில் அமைந்த நஞ்சன்கூடு, திருக்கோயிலுக்கும் ரசபாளை வாழைப்பழத்திற்கும் பெயர் பெற்ற ஊர். ஊரை அடுத்த தொழிற்பேட்டையில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளில் பயில்கின்றனர். அத்தகைய மாணவர் குழு ஒன்று, தம் நூலகத்திற்குத் தமிழ் நூல்கள் வாங்க முனைகிறது எனக் கொள்க. கையிலுள்ள பணம் ஒரு வகை நூல்களுக்கே போதும். வீடுகளில் தமிழ் படிக்கும் வழக்கம் இருப்பின் கதை நூல்கள் வாங்கலாம். இல்லையெனில் எழுத்துப் பயிற்சி நூல்களே முதலில் தேவைப்படும். ஊகத்தால் முடிவு செய்யாமல், கேட்டறிந்து முடிவு செய்யக் குழு விரும்புகிறது. இங்குக் கூறப்படும் ஆய்வும் அதன் எண்களும் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவை.

முதற்பணி வினாவை அமைத்தல். "உங்கள் வீட்டில் தமிழ் பேசவும் படிக்கவும் தெரியுமா?" என்று ஒரு மாணவர் எழுதுகிறார். இதில் இரு வினாக்கள் ஒன்றாய்ப் பின்னியுள்ளன. பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவர் எதைச் சொல்வார்? பேச்சை நீக்கி, "தமிழ் படிப்பீர்களா?" என்று மாற்றினாலும் குறை தீராது. தமிழாசிரியரின் மாணவர் வாசலில் நின்று இவ்வாறு கேட்கும்போது, "இல்லை" என்று சொல்ல எந்தப் பெற்றோருக்கும் கூச்சமாக இருக்கும். கேட்பவரை மகிழ்விக்கும் விடையே வரும். ஆகவே வினா, வழக்கத்தை விட்டுச் செயலைக் கேட்க வேண்டும்: "கடந்த ஏழு நாட்களில் இவ்வீட்டில் எவரேனும் தமிழில் ஏதேனும் படித்தார்களா? படித்திருப்பின், எதை?" நாளும் பொருளும் குறிப்பிடப்படுவதால் நினைவுகூர்ந்து சொல்வது எளிது; மிகைப்படுத்துவது சற்றுக் கடினம்.

இவ்வினாவை மாதிரியில் இல்லாத ஐந்து வீடுகளில் முன்னோட்டமாகக் கேட்டபோது எதிர்பாராத ஒரு சிக்கல் தோன்றுகிறது. ஓர் அம்மா, ஊரிலுள்ள தங்கை கைப்பேசியில் அனுப்பும் செய்திகளை நாள்தோறும் படிப்பதாகச் சொல்கிறார். செய்தியின் மொழி தமிழ். எழுத்தோ ஆங்கில எழுத்து. இதைத் தமிழ் படித்தல் எனக் கொள்வதா? வாங்கப்போவது தமிழ் எழுத்தில் அச்சான நூல்கள் என்பதால், "தமிழ் எழுத்தில்" என்னும் சொற்களை வினாவில் சேர்க்கக் குழு முடிவு செய்கிறது. முன்னோட்டம் இல்லாதிருந்தால் ஒவ்வொரு மாணவரும் தத்தம் விருப்பப்படி குறித்திருப்பர். பின்னர் எண்ணியவை எவை என்று எவருக்கும் தெரிந்திராது.

"வீடு" என்ற சொல்லுக்கும் வரையறை வேண்டும். ஒரே கட்டடத்தில் இரு குடும்பங்கள் இருக்கலாம். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஒன்றாக வாழ்ந்து பொதுச் சமையலறையில் உண்பவர்களை ஒரு குடும்பமாகக் கொள்கிறது. அவ்வரையறையையே குழுவும் ஏற்கிறது. தாய்மொழி பற்றியும் அக்கணக்கெடுப்பு நன்கு வரையறுத்துள்ளது: குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழியே ஒருவரின் தாய்மொழி. அவ்வளவு தெளிவாக வரையறுத்தும் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் கூறிய பெயர்கள் 19,569 ஆயின! அவற்றை ஆராய்ந்து சீர்ப்படுத்தியபின் 1,369 தாய்மொழிகளாகத் தொகுத்தனர்.

அடுத்து, யாரைக் கேட்பது என்னும் வினா. கோயில் தேர்த்திருவிழாவில் நின்று வருவோரைக் கேட்பது எளிது. ஆனால் எளிதில் கிடைப்போர் எல்லோருக்கும் சான்றாக மாட்டார். அமெரிக்காவில் 1936இல் லிட்டரரி டைஜஸ்ட் என்னும் இதழ், குடியரசுத் தலைவர் தேர்தல் குறித்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வினாச்சீட்டு அனுப்பியது. முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியல்கள், மோட்டார் வண்டிப் பதிவுகள் போன்றவற்றிலிருந்து எடுத்தது. சுமார் 24 லட்சம் விடைகள் வந்தன. லாண்டன் வெல்வார் என்றது இதழ். 48 மாநிலங்களில் 46இல் ரூஸ்வெல்ட் வென்றார். அந்நாளில் தொலைபேசியும் வண்டியும் வசதியுள்ளோரிடமே மிகுதி. விடை அனுப்பியோரும் அனுப்பாதோரும் ஒரே மனத்தினர் அல்லர். 24 லட்சம் என்ற பெரிய எண்ணால் இக்குறைகளை ஈடுகட்ட இயலவில்லை.

ஆகவே மாணவர் குழு பட்டியலிலிருந்து தொடங்குகிறது. அருகிலுள்ள மூன்று பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளில், தாய்மொழி தமிழ் எனக் குறித்த குடும்பங்கள் 120. ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் தந்து, 120 சீட்டுகளை ஒரு குடத்திலிட்டுக் கலக்கி, 40 சீட்டுகளை எடுக்கின்றனர். எல்லாக் குடும்பங்களுக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமம். இதுவே சமவாய்ப்பு மாதிரி.

இங்கே ஒரு சோதனை வரும். சீட்டில் வந்த வீடு பூட்டியிருந்தால், பக்கத்து வீட்டைக் கேட்டு நாற்பதை நிரப்பிவிடலாம் என்று தோன்றும். அது கூடாது. மாலையில் பூட்டியிருப்பவை பெரும்பாலும் இரவுப் பணிக்குச் சென்றோரின் வீடுகளாக இருக்கலாம். அவர்களை விடுத்து வீட்டிலிருப்போரைச் சேர்த்தால், ஒரு வகையினரின் குரலே மறைந்துபோகும். வேறு நாளில், வேறு நேரத்தில், மீண்டும் செல்வதே முறை. இருமுறை சென்றும் நான்கு வீடுகளில் விடை கிடைக்கவில்லை. கிடைத்தவை 36.

அந்த 36 வீடுகளில் 20 வீடுகள் "படித்தோம்" என்றன. அதாவது 56 விழுக்காடு. "பெரும்பான்மை வீடுகளில் தமிழ் படிக்கப்படுகிறது" என்று தலைப்பிட ஒருவர் ஆசைப்படுகிறார். அவ்வாறு சொல்லலாமா? மாதிரியில் எப்போதும் தற்செயல் பிழை உண்டு. அதன் தோராய அளவை எளிதில் அறியலாம்: ஒன்றை, விடையளித்தோர் எண்ணிக்கையின் வர்க்க மூலத்தால் வகுக்க வேண்டும். 36இன் வர்க்க மூலம் 6. ஆறில் ஒன்று ஏறத்தாழ 17 விழுக்காடு. எனவே உண்மை அளவு 39க்கும் 73க்கும் இடையே எங்கும் இருக்கலாம். பட்டியலே சிறியதாதலால் பிழை இதனினும் சற்றுக் குறையும். ஆயினும் ஐம்பது விழுக்காடு அவ்வெல்லைக்குள் இருக்கத்தான் செய்யும். விடை தராத நான்கு வீடுகளும் "இல்லை" என்றிருந்தால் 40இல் 20, சரிபாதி. ஆகவே "பெரும்பான்மை" என்ற சொல்லை அடித்துவிடுகின்றனர்.

குழு எழுதிய அறிக்கை வருமாறு:

"மூன்று பள்ளிப் பதிவேடுகளில் உள்ள 120 குடும்பங்களிலிருந்து குலுக்கல் முறையில் 40 குடும்பங்களைத் தேர்ந்து, நேரில் சென்று வினவினோம். 36 குடும்பங்கள் விடையளித்தன. அவற்றுள் 20இல், முந்தைய ஏழு நாட்களில் ஒருவரேனும் தமிழ் எழுத்தில் படித்துள்ளார். பாதி வீடுகளுக்கு மேல் படிக்கின்றன என்று இதைக்கொண்டு உறுதிகூற இயலாது. பள்ளிப் பிள்ளைகள் இல்லாத குடும்பங்கள் பட்டியலில் இல்லை. எனவே இது நஞ்சன்கூட்டுத் தமிழர் அனைவரையும் குறிக்காது. வீட்டில் சௌராட்டிரமோ தெலுங்கோ பேசித் தமிழ் படிப்போரும் விடுபட்டிருக்கலாம். கேட்டவர்கள் மாணவர்கள் ஆதலின், சிலர் எங்களை மகிழ்விக்க விடையளித்திருக்கலாம். கேட்டது பொங்கலை ஒட்டிய வாரம்; மற்ற வாரங்களில் படிப்பு இதைவிடக் குறைவாக இருக்கக்கூடும்."

அறிக்கையைப் படித்த நூலகர், பணத்தைப் பாதியாகப் பகிர்ந்து இரு வகையிலும் சில நூல்கள் வாங்கினார். எவை மிகுதியாக இரவல் செல்கின்றன என்பதைப் பார்த்தபின் எஞ்சியவற்றை முடிவு செய்யலாம் என்றார்.

பயிற்சி

1. "நீங்கள் நல்ல தமிழ் நூல்களை விரும்பிப் படிப்பவர்தானே?" இவ்வினாவின் குறைகளைக் கூறித் திருத்தி எழுதுக.

2. பிழையின் அளவைப் பாதியாகக் குறைக்க எத்தனை வீடுகளில் விடை பெற வேண்டும்? 120 வீடுகளே உள்ள பட்டியலில் அது இயலுமா?

3. அறிக்கையில் கூறப்படாத வரம்பு ஒன்றைக் கண்டறிந்து ஒரு தொடரில் எழுதுக.