‘ஷிப்’பும் ‘ஷீப்’பும்

“கப்பல் ஷிப், செம்மறியாடு ஷீப், குறில் நெடில்தானே?” என்பீர்கள். தமிழில் நமக்கு மாத்திரையே முக்கியம். ஆங்கிலத்திலோ நாக்கும் இடம் மாறுகிறது. ‘ஷீப்’புக்கு அது மேலண்ணத்தை நெருங்கும், ‘ஷிப்’புக்குச் சற்றுத் தாழ்ந்து பின்வாங்கும். வாயறையின் வடிவம் மாறுவதால் ஒத்ததிர்வும் மாறும். ஆண் குரலில் முதல் ஒத்ததிர்வு ‘ஷீப்’பில் சுமார் 300 ஹெர்ட்ஸ், ‘ஷிப்’பில் சுமார் 400. ஆங்கிலேயர் ‘ஷிப்’பை எவ்வளவு இழுத்தாலும் கப்பல் ஆடாகாது!

நீளத்தை நம்பவும் முடியாது. பெரிய என்னும் பொருளுள்ள ‘பிக்’கின் கடைசி மெய் குரல்வளை அதிர்வுடன் ஒலிப்பதால், முன்னுள்ள உயிர் நீள்கிறது. பறவை அலகான ‘பீக்’கின் கடைசி மெய்யில் அவ்வதிர்வு இல்லை, அதன் உயிர் குறுகுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரம் ஒலிக்கலாம். எனவே ‘ஷீப்’பில் தொடங்கி, நாக்கைச் சிறிது தளர்த்தி ‘ஷிப்’ சொல்லிப் பழகுங்கள்.