திரையில் பழைய விலையா? சாதாரண ரீலோடும் முழு ரீலோடும்

மில்காரர் காலை 10 மணிக்குத் துவரம் பருப்பு விலையை மாற்றிவிட்டார். மூட்டை 6,400 ரூபாயிலிருந்து 6,550 ஆகிவிட்டது. நம் கடைக் கம்ப்யூட்டரிலோ இன்னும் 6,400 என்றே தெரிகிறது. அந்த விலைக்கே 10 மூட்டைக்கு வாக்குக் கொடுத்துவிட்டால், 1,500 ரூபாய் நம் கையை விட்டுப் போகும். இந்தத் தவறு எப்படி நேர்கிறது என்பதை இங்கே பார்ப்போம்.

பிரவுசர் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, அதிலுள்ள படங்களையும் மற்ற கோப்புகளையும் தன்னிடம் சேமித்து வைத்துக்கொள்கிறது. இந்தச் சேமிப்புக்கு ‘கேஷ்’ என்று பெயர். ஒரு கோப்பை எவ்வளவு நேரம் அப்படி வைத்துக்கொள்ளலாம் என்பதை அனுப்பும் சர்வரே சொல்லிவிடும். 86,400 வினாடி என்று சொன்னால், அது ஒரு முழு நாள்.

F5 அல்லது Ctrl + R அழுத்துவது சாதாரண ரீலோட். அப்போது பிரவுசர், “இந்தப் பக்கம் மாறியிருக்கிறதா?” என்று சர்வரைக் கேட்கும். மாறியிருந்தால் புதியது வரும். ஆனால் குரோம் போன்ற பிரவுசர்கள் பக்கத்தை மட்டுமே இப்படிக் கேட்கின்றன. அதிலுள்ள படத்துக்குக் கெடு தீராதிருந்தால், கேட்காமலே சேமிப்பிலிருந்து எடுத்துக் காட்டிவிடும்.

மேற்சொன்ன மில்லின் விலைப்பட்டியல் ஒரு படமாக இருந்து, தினமும் அதே பெயரில் ஏற்றப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். F5 அழுத்தினால் மேலே தேதி இன்றையதாக மாறும்; கீழே படம் நேற்றையதாகவே நிற்கும். தேதி புதிது, விலை பழையது என்றால் இதுதான் காரணம் என்று சந்தேகிக்கலாம்.

இதற்கு மருந்து முழு ரீலோட். Ctrl + Shift + R அழுத்த வேண்டும். பிரவுசர் தன் சேமிப்பை நம்பாமல், பக்கம், படம் எல்லாவற்றையும் சர்வரிடமிருந்து புதிதாக வாங்கும். 6,550 தெரிந்துவிடும்.

அப்படியும் மாறாவிட்டால், ஒருமுறையும் அந்தப் பக்கம் திறக்காத ஒரு போனில் திறந்து பார்க்க வேண்டும். அங்கும் பழைய விலையே இருந்தால் கோளாறு நம்மிடம் இல்லை. மில்காரர் இன்னும் ஏற்றவில்லை. அல்லது இடையிலுள்ள சர்வர் பழைய நகலைத் தருகிறது. நாம் எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. போனில் கேட்டுவிடுவதே சரி.

சொந்தமாக விலைப்பட்டியல் போடும் உறுப்பினர்களுக்கு ஒரு யோசனை. படத்துக்குத் தினமும் புதுப் பெயர் கொடுங்கள்: vilai-12.png, மறுநாள் vilai-13.png. புதுப் பெயரில் வரும் கோப்பு பிரவுசரின் சேமிப்பில் இருக்காது. வாடிக்கையாளர் சாதாரண ரீலோட் செய்தாலே அன்றைய விலை அவருக்குக் கிடைத்துவிடும்.