நிர்வாகிகள் மாறும்போது பேஸ்புக் பக்கம் கைநழுவாமல் இருக்க

சங்கத்துக்குப் புது நிர்வாகிகள் வந்ததும் புதுப் பக்கம் தொடங்காதீர்கள். பழைய படங்களும் பின்தொடர்வோரும் பழைய பக்கத்திலேயே நின்றுவிடும். பழைய செயலாளரின் பாஸ்வேர்டை வாங்குவதும் வேண்டாம்; ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும்.

பழைய செயலாளர் பக்கத்துக்கு மாறி, Settings-இல் Page access பகுதியில் புதியவர்கள் இருவரைச் சேர்த்து, full control கொடுக்கட்டும். அழைப்பை ஏற்ற பிறகே அவர்களுக்கு உரிமை வரும். இருவரும் தங்கள் போனிலேயே அந்தப் பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே இன்னொருவரைச் சேர்க்க வழியில்லை என்றால், கிடைத்தது பாதி உரிமைதான். எல்லாம் சரியென்றால் மட்டும் பழையவரை நீக்குங்கள். பக்கத்தின் பெயரில் அவர் போட்ட பதிவுகள் அழியாது.

முழு உரிமை உள்ளவர் பக்கத்தையே அழித்துவிட முடியும். மற்ற உறுப்பினர்களுக்கு அதைக் கொடுக்காதீர்கள்.