நாற்பது படவில்லைகளும் மூன்று நிமிடமும்

வாய்மொழித் தேர்வுக்காக நான் ஆயத்தம் செய்தவை நாற்பது படவில்லைகள். குழாய்க் கிணற்று நீரில் கலந்துள்ள ஆர்செனிக் என்னும் நஞ்சை, இரும்புத் துரு பூசிய மணலைக் கொண்டு நீக்குவதே என் ஆய்வு. அதையே மூன்று நிமிடத்தில் பொதுமக்களுக்குச் சொல்லும் போட்டியிலும் பெயர் கொடுத்தேன். 2008-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய போட்டி இது. அசையாத ஒரே படவில்லைதான் காட்டலாம். நேரம் கடந்தால் தகுதி போய்விடும்.

முதலில் நான் செய்தது பெரும் பிழை. படவில்லைக்கு ஒரு வாக்கியம் வீதம் நாற்பது வாக்கியங்கள் எழுதினேன். அறுநூறு ஆங்கிலச் சொற்கள் ஆயின. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூற்றிருபது சொற்களே செல்லும். நிறுத்தங்களையும் கணக்கிட்டால் முந்நூற்றைம்பதுதான் அளவு. ஆனால் குறை நீளம் மட்டுமன்று. வாக்கியங்களுக்கிடையே தொடர்பே இல்லை. தேர்வாளர் "எப்படிச் செய்தாய்?" என்று கேட்கிறார், பொதுமக்களோ "எதற்காகச் செய்தாய்?" என்று கேட்கிறார்கள். ஆகவே படவில்லைகளை மூடிவைத்து, ஒரு கேள்வி, ஒரு முடிவு என இரண்டை மட்டும் வெற்றுத்தாளில் எழுதினேன். அவற்றை இணைக்க உதவாத கருவிகள், சமன்பாடுகள், முன்னோர் ஆய்வுகள் யாவும் தாமே உதிர்ந்தன.

அடுத்தது எண். உலகச் சுகாதார நிறுவனம் வழிகாட்டும் அளவு லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம். கேட்பவர் மனத்தில் இது நிற்காது. கணக்கிட்டுப் பார்த்தேன்: பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் ஒரு தண்ணீர் லாரிக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. "ஒரு லாரித் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பின் எடைகூட இருக்கலாகாது" என்று மாற்றினேன். எளிமையாயிற்று, உண்மையும் கெடவில்லை.

உரையை நம் சங்கத்து வரலாற்று மாணவர் ஒருவரிடம் சொல்லிக் காட்டினேன். கேட்டு முடித்ததும் அவர், "அப்படியானால் இனி அந்தக் கிணற்று நீரைக் குடிக்கலாமா, அண்ணா?" என்றார். திடுக்கிட்டேன். நான் சோதித்தது ஆய்வகத்தில் கலந்த நீர். கிணற்று நீரில் பாஸ்பேட்டும் இருக்கலாம். துருவில் ஆர்செனிக் ஒட்டும் இடங்களை அது பறித்துக்கொள்ளும். முப்பத்தேழாம் படவில்லையில் இருந்த இந்த வரம்பைச் சுருக்கும்போது வெட்டிவிட்டேன். வெட்டியதால் உரை குறுகியதோடு பொய்யும் ஆகிவிட்டது.

உடனே முன்னுரையில் மூன்று வாக்கியங்களைக் களைந்து, இதைச் சேர்த்தேன்: "இம்மணல் ஒரு பேருந்து போன்றது. ஆர்செனிக் அமர வேண்டிய இருக்கையில் பாஸ்பேட் அமர்ந்துவிட்டால், ஆர்செனிக் நீரோடு போய்விடும். ஆகவே ஆய்வகத்தில் வென்ற இம்மணல், கிணற்றடியில் இன்னும் தேர்வு எழுதவில்லை."

மறுமுறை அதே நண்பரிடம் சொன்னேன். "அடுத்துக் கிணற்று நீரில் சோதிப்பீர்களா?" என்று கேட்டார். அவர் சரியாகப் புரிந்துகொண்டார் என்பதற்கு அக்கேள்வியே சான்று. கடிகாரம் இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி காட்டியது.