மணிக்கட்டை மடக்கினால் பிடி ஏன் தளர்கிறது?

வலது கையால் ஒரு பென்சிலை இறுகப் பிடியுங்கள். இடது கையால் அந்த மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக முழுமையாக மடக்குங்கள். எவ்வளவு முயன்றாலும் பிடி தளர்ந்துவிடும். மணிக்கட்டைச் சற்றுப் பின்னோக்கி உயர்த்தினால் பழைய வலு திரும்பிவிடும். இரண்டு முறையும் விரல்களை மடக்குபவை அதே தசைகள்தாம். மாறியது அவற்றின் நீளம் மட்டுமே. நீளத்திற்கும் வலுவுக்கும் உள்ள தொடர்பை விளக்குவதுதான் ஸ்லைடிங் ஃபிலமென்ட் மாதிரி, அதாவது இழைகள் நழுவும் மாதிரி. பிசியோதெரபி மாணவர்கள் கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே பயன்படுத்துவதால், அவற்றை இங்கும் அப்படியே பார்ப்போம்.

தசை நாரின் மிகச் சிறிய இயங்கும் பகுதி சார்கோமியர். அதன் இரு முனைகளிலும் இசட்-லைன் என்னும் சுவர்கள் உள்ளன. அச்சுவர்களிலிருந்து ஆக்டின் என்ற மெல்லிய இழைகள் நடுப்பகுதியை நோக்கி நீள்கின்றன. நடுவில் மயோசின் என்ற தடித்த இழைகள் இருக்கின்றன. பாதி திறந்த தீப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். உள்பெட்டியைத் தள்ளினால் மொத்த நீளம் குறையும். ஆனால் உள்பெட்டியும் சுருங்காது, வெளிக்கூடும் சுருங்காது. தசையிலும் அப்படித்தான். இழைகள் சுருங்குவதில்லை; ஒன்றையொன்று கடந்து நழுவுகின்றன.

இதை 1954-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்து, 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் அறிவித்தன. ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் ஒரு குழு. ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மற்றொரு குழு. இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் அல்லர். தசை சுருங்கும்போது மயோசின் இருக்கும் ஏ-பேண்டின் அகலம் மாறவில்லை; ஆக்டின் மட்டும் இருக்கும் ஐ-பேண்ட் குறுகியது. இழைகளே சுருங்கியிருந்தால் ஏ-பேண்டும் குறுகியிருக்க வேண்டும்.

இழைகளை நழுவச் செய்பவை மயோசினின் தலைகள். நரம்புச் செய்தி வந்ததும் தசை நாருக்குள் கால்சியம் வெளிப்படுகிறது. அது ட்ரோபோனினுடன் சேர, ஆக்டினை மூடியிருக்கும் ட்ரோபோமயோசின் விலகுகிறது. மயோசின் தலை ஆக்டினைப் பற்றி இழுக்கிறது. புதிய ஏடிபி மூலக்கூறு வந்து சேர்ந்ததும் பிடியை விட்டு, அடுத்த இடத்தைப் பற்றத் தயாராகிறது. எனவே தசையின் வலு, ஒரே நேரத்தில் எத்தனை தலைகள் ஆக்டினைப் பற்றியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

இதைத் தவளையின் தசை நாரில் கணக்கிட்டுப் பார்க்கலாம். மயோசின் இழையின் நீளம் ஏறத்தாழ 1.6 மைக்ரோமீட்டர், ஒவ்வொரு பக்கத்து ஆக்டினும் ஏறத்தாழ 1.0 மைக்ரோமீட்டர். சார்கோமியரை 1.0 + 1.6 + 1.0 = 3.6 வரை இழுத்தால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படியாது. பற்றுவதற்கு ஆக்டினே எட்டாது. வலு சுழியம். நீளம் 2.0 முதல் 2.2 வரை இருக்கும்போது எல்லாத் தலைகளுக்கும் ஆக்டின் எட்டும். வலு உச்சத்தில் இருக்கும். 2.0-க்குக் கீழே இரு பக்க ஆக்டின்களும் நடுவில் மோதி ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் வலு மீண்டும் குறைகிறது. 1966-இல் கார்டன், ஹக்ஸ்லி, ஜூலியன் ஆகியோர் அளந்து பெற்ற முடிவும் இக்கணக்குடன் பொருந்தியது. மனிதரின் ஆக்டின் சற்று நீளமானது என்பதால் எண்கள் மாறும், விதி மாறாது.

இப்போது பென்சிலுக்கு வருவோம். விரல்களை மடக்கும் ஃபிளெக்சர் டிஜிட்டோரம் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்குச் செல்கின்றன. மணிக்கட்டை மடக்கும்போதே இத்தசைகள் பாதி சுருங்கிவிடுகின்றன. விரல்களையும் மடக்க முயன்றால் சார்கோமியர்கள் மிகக் குட்டையாகின்றன. பிசியோதெரபியில் இதை ஆக்டிவ் இன்சஃபிஷியன்சி என்பர். ஆனால் இது ஒன்றே காரணமன்று. மணிக்கட்டை மடக்கும்போது கையின் பின்புறமுள்ள எக்ஸ்டென்சர் தசைகள் இழுபட்டு விரல்களைத் திறக்கின்றன. கையைத் தளர்வாக வைத்து மணிக்கட்டை மடக்கினால், விரல்கள் தாமாகவே சற்று விரிவதைக் காணலாம்.

மேற்கை எலும்பு முறிந்து ரேடியல் நரம்பு பாதிக்கப்பட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். மணிக்கட்டை உயர்த்தும் தசைகள் செயலிழப்பதால் கை தொங்கிவிடும். டைனமோமீட்டரை அழுத்தச் சொன்னால் அளவு மிகக் குறைவாகக் காட்டும். விரல் மடக்கும் தசைகளும் பழுதடைந்துவிட்டன என்று எண்ணத் தோன்றும். ஆனால் அத்தசைகளை இயக்குபவை வேறு நரம்புகள். சிகிச்சையாளர் தம் கையால் மணிக்கட்டைச் சற்று உயர்த்திப் பிடித்து மீண்டும் அழுத்தச் சொல்கிறார். அளவு உடனே கூடினால், தசை நலமாக இருக்கிறது, நீளம்தான் தவறு என்று புரியும். அதனால்தான் நரம்பு தேறும்வரை மணிக்கட்டைச் சற்று உயர்த்தி வைக்கும் ஸ்பிளிண்ட் அணிவிக்கிறார்கள்.